உங்களுக்கும் மூன்று மூவ், எதிராளிக்கும் மூன்று மூவ்... முதலில் யார் ராணி? செஸ் சிப்பாய் ரேஸின் கணக்கு!

மொபைலில் பிளிட்ஸ் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். கடிகாரத்தில் 15 விநாடிதான் மிச்சம். பெரிய காய்கள் எல்லாம் வெட்டுப்பட்டுவிட்டன. உங்களிடம் ஒரு ராஜா, ஒரு சிப்பாய். எதிராளியிடமும் அதேதான். இரண்டு சிப்பாய்களையும் தடுக்க எதிரே ஆள் இல்லை. உங்கள் சிப்பாய் ராணியாக மூன்று மூவ் வேண்டும், அவருக்கும் மூன்று மூவ் வேண்டும். இப்போது உங்கள் முறை.

"நான்தான் முதலில் போவேன், ஆனால் அடுத்த மூவிலேயே அவரும் ராணி எடுத்துவிடுவார். அப்போ டிரா" என்று தோன்றும். பல நேரம் அது தப்பான கணக்கு. இதே 'மூன்றுக்கு மூன்று' நிலையில் வெற்றியும் இருக்கலாம், தோல்வியும் இருக்கலாம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த விஷயத்தில் உலக செஸ்ஸையே ஆச்சரியப்படுத்திய 1921-ம் ஆண்டுப் புதிர் ஒன்று என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

படிக்கும்போது செஸ் ஆப்பில் காலிப் பலகை ஒன்றைத் திறந்து, காய்களை வைத்துப் பார்த்தால் சுலபமாக இருக்கும். வெள்ளை கீழே, கறுப்பு மேலே. வெள்ளைச் சிப்பாய் 8-ம் வரிசையைத் தொட்டால் ராணி. கறுப்புச் சிப்பாய் 1-ம் வரிசையைத் தொட்டால் ராணி.

முதல் கேள்வி: ராஜா பிடித்துவிடுவாரா?

தன் வரிசையிலும் இரு பக்கத்து வரிசைகளிலும் எதிரிச் சிப்பாய் யாரும் குறுக்கே இல்லாத சிப்பாயை ஆங்கிலத்தில் 'பாஸ்டு பான்' என்பார்கள். நாம் தடையற்ற சிப்பாய் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் வேறு காய்கள் இல்லாதபோது அதைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் எதிரணி ராஜாதான். ஆகவே ரேஸ் கணக்கைத் தொடங்கும் முன், ராஜா பின்னால் ஓடிவந்து சிப்பாயைப் பிடித்துவிட முடியுமா என்று பார்க்க வேண்டும்.

"நான் இங்கே, அவர் அங்கே" என்று ஒவ்வொரு மூவாக மனதில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் 15 விநாடியில் குழப்பம்தான் மிஞ்சும். அதற்குத்தான் சதுர விதி.

வெள்ளைச் சிப்பாய் a5-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து a8 வரை ஒரு கோடு. அதே நீளத்தில் பக்கவாட்டில் d வரிசை வரை இன்னொரு கோடு. இப்போது a5, a8, d8, d5 ஆகிய நான்கு மூலைகளைக் கொண்ட ஒரு சதுரம் கிடைக்கும். கறுப்பு ராஜா இந்தச் சதுரத்துக்குள் இருந்தாலோ, தன் முறையில் உள்ளே கால் வைக்க முடிந்தாலோ, சிப்பாயைப் பிடித்துவிடுவார். முடியாவிட்டால் சிப்பாய் தப்பிவிடும். அவ்வளவுதான் விதி.

சதுரத்தின் அளவை எண்ணிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. சிப்பாய் நிற்கும் கட்டத்திலிருந்து கடைசி வரிசை வரை மூலைவிட்டமாக ஒரு கோட்டைக் கண்ணால் இழுத்துப் பாருங்கள். a5-லிருந்து b6, c7, d8. கோடு முடியும் இடம்தான் சதுரத்தின் எதிர்மூலை.

இதில் 'யாருடைய முறை' என்பது உயிர்நாடி. கறுப்பு ராஜா e6-ல், அதாவது சதுரத்துக்கு ஒரு கட்டம் வெளியே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கறுப்பின் முறை என்றால் அவர் d6 வந்து உள்ளே நுழைந்துவிடுவார். சிப்பாய் a6, ராஜா c7. சிப்பாய் a7, ராஜா b7. சிப்பாய் a8-ல் ராணியானாலும் ராஜா உடனே வெட்டிவிடுவார். அதே நிலையில் வெள்ளையின் முறை என்றால், சிப்பாய் a6-க்குப் போன உடனே சதுரமும் சுருங்கிவிடும். இப்போது அது c வரிசையோடு முடிந்துவிடுகிறது. e6-ல் இருப்பவர் ஒரே அடியில் c வரிசைக்கு வர முடியாது. சிப்பாய் தப்பியது.

எப்போது இந்த விதி காலை வாரும்?

இரண்டு இடங்களில். முதலாவது, இன்னும் நகராத சிப்பாய். அது முதல் மூவில் இரண்டு கட்டம் தாண்டலாம். a2-ல் நிற்கும் சிப்பாய்க்கு a8 வரை ஆறு கட்டம். ஆனால் ஐந்தே மூவ் போதும். ஆகவே அது a3-ல் நிற்பதாக நினைத்துக்கொண்டு சதுரத்தைப் போட வேண்டும். கறுப்புக்கு இதே போல 7-ம் வரிசைச் சிப்பாயை 6-ம் வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ராஜாவின் வழியில் நிற்கும் காய். சிப்பாய் a5-ல், கறுப்பு ராஜா d5-ல், வெள்ளையின் முறை. ராஜா சதுரத்தின் மூலையில் சரியாக இருக்கிறார். சாதாரணமாக c6, b7 என்று குறுக்கே ஓடிப் பிடித்துவிடுவார். ஆனால் c6-ல் அவருடைய சொந்தச் சிப்பாயே நின்றால்? வெள்ளை a6 என்று ஆடியதும் அவர் d6 வழியாகச் சுற்ற வேண்டும். சிப்பாய் a7, ராஜா c7, சிப்பாய் a8-ல் ராணி. சதுரம் 'பிடிக்கலாம்' என்று சொல்லியும் சொந்த ஆளே வழியை அடைத்துவிட்டார். சதுரம் போட்ட பிறகு, ராஜா ஓடும் பாதை காலியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது இதனால்தான்.

இரண்டாவது கேள்வி: ரேஸில் யார் முந்துவார்?

இப்போது தொடக்கத்தில் சொன்ன 'மூன்றுக்கு மூன்று' நிலையைப் பலகையில் வைப்போம். வெள்ளை ராஜா b2, சிப்பாய் a5. கறுப்பு ராஜா f6, சிப்பாய் h4. வெள்ளையின் முறை.

முதலில் சதுரம். a5 சிப்பாயின் சதுரம் d வரிசையில் முடிகிறது. f6-ல் இருக்கும் கறுப்பு ராஜா வெளியே. h4 சிப்பாயின் சதுரம் e வரிசையில் முடிகிறது. b2-ல் இருக்கும் வெள்ளை ராஜாவும் வெளியே. யாரும் யாரையும் பிடிக்க முடியாது. ஆகவே இது சுத்தமான ஓட்டப்பந்தயம்.

a6, h3. a7, h2. மூன்றாவது மூவில் வெள்ளைச் சிப்பாய் a8-ல் ராணியாகிறது. இப்போது கறுப்பு h1-க்கு வந்து ராணி எடுக்கலாமே? எடுக்கலாம். ஆனால் a8-லிருந்து b7, c6, d5, e4, f3, g2 என்று இறங்கும் மூலைவிட்டம் நேராக h1-ல்தான் முடிகிறது. கறுப்பு ராணி பிறந்த அடுத்த நொடியே வெள்ளை ராணி வெட்டிவிடும். கறுப்பு அங்கே போகாமல் காத்திருந்தால் வெள்ளை ராணி தானே h1-ல் போய் உட்கார்ந்துகொள்ளும். சிப்பாய் நகர முடியாது. வெள்ளைக்கு வெற்றி.

காய்கள் அதே இடத்தில், கறுப்பின் முறை என்றால்? h3, a6, h2, a7, h1-ல் ராணி. இப்போது அதே மூலைவிட்டம் கறுப்புக்குச் சொந்தம். a8-ல் வெள்ளை ராணி வந்தால் வெட்டுப்படும். தோற்பது வெள்ளை. ஒரே ஒரு மூவ் வித்தியாசத்தில் ஆட்டம் டிரா பக்கம்கூட எட்டிப்பார்க்காமல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விட்டது.

இப்போது கறுப்புச் சிப்பாயை மட்டும் h4-லிருந்து g4-க்கு மாற்றுங்கள். வெள்ளையின் முறை. எண்ணிக்கை மாறவில்லை, மூன்றுக்கு மூன்றுதான். a6, g3. a7, g2. a8-ல் ராணி. அடுத்து கறுப்பு g1-ல் ராணி எடுக்கிறது. g1 அந்த மூலைவிட்டத்தில் இல்லை. ஆகவே வெட்ட முடியாது. இரண்டு ராணிகளும் பலகையில். வெள்ளைக்கு மிஞ்சியிருப்பது 'அடுத்து என் முறை' என்ற சின்ன லாபம் மட்டும்தான். ஆட்டம் புதிதாகத் தொடங்குகிறது.

கடைசியாக ஒரே ஒரு மாற்றம். கறுப்பு ராஜாவை f6-லிருந்து f8-க்குக் கொண்டுபோங்கள். பார்க்க இது பெரிய விஷயமாகத் தெரியாது. அங்கிருந்தும் அவரால் a சிப்பாயைப் பிடிக்க முடியாது. ஆனால் மூன்றாவது மூவில் a8-ல் ராணி வரும்போது 8-ம் வரிசை முழுக்க அதன் பார்வையில். ராஜாவுக்கு செக்! கறுப்பு முதலில் ராஜாவை நகர்த்தியே ஆக வேண்டும். அந்த ஒரு மூவில் வெள்ளை ராணி g2-ல் காத்திருந்த சிப்பாயை வெட்டிவிடும். வெள்ளைக்கு வெற்றி.

ஆக, மூவ்களை எண்ணுவது பாதி வேலைதான். எண்ணி முடித்ததும் முதலில் பிறக்கும் ராணியின் கட்டத்தில் நின்று பலகையைப் பாருங்கள். அங்கிருந்து எதிரணி ராஜாவுக்கு செக் விழுகிறதா? எதிரணிச் சிப்பாயோ, அது ராணியாகப் போகும் கட்டமோ அதன் பார்வையில் இருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே, இரண்டாவதாக வரும் ராணி வராமலே போகலாம்.

இந்தக் கணக்கைப் போட வேண்டிய நேரம் ரேஸ் தொடங்கிய பிறகு அல்ல. உங்களிடமும் எதிராளியிடமும் கடைசியாக ஒரு யானை இருக்கும், மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிப்பீர்கள் பாருங்கள், அந்த இடம்தான். யானைகள் வெட்டுப்பட்ட பிறகு சிப்பாயைப் பின்னால் இழுக்க முடியாது. கணக்கு ஒன்று தவறினாலும் திருத்த வழியே கிடையாது.

இரண்டு மூவ் தாமதம்... ஆனாலும் டிரா!

இதுவரை ராஜாக்களை வேடிக்கை பார்க்க வைத்தோம். அவர்களும் ஓடத் தொடங்கினால் கணக்கு எப்படி மாறும் என்பதற்குத்தான் அந்த 1921-ம் ஆண்டுப் புதிர். உருவாக்கியவர் ரிச்சர்ட் ரேட்டி. அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியில் பிறந்து செக்கோஸ்லோவாகியாவுக்காக ஆடியவர். எட்டு ஆண்டுகள் தோல்வியே பார்க்காமல் இருந்த உலக சாம்பியன் காபாபிளாங்காவை 1924-ல் நியூயார்க் போட்டியில் வீழ்த்தியவரும் இவர்தான்.

புதிரில் நான்கே காய்கள். வெள்ளை ராஜா h8, சிப்பாய் c6. கறுப்பு ராஜா a6, சிப்பாய் h5. வெள்ளையின் முறை. வெள்ளை டிரா செய்ய வேண்டும்.

முதலில் நம் வழக்கமான கணக்கைப் போடுவோம். வெள்ளைச் சிப்பாய்க்கு இரண்டே மூவ் போதும். ஆனால் c7 போனால் கறுப்பு ராஜா b7 வந்து, அடுத்து வெட்டிவிடுவார். அவர் சதுரத்துக்குள் சௌகரியமாக இருக்கிறார். மறுபக்கம், h5 சிப்பாயின் சதுரம் h5, h1, d1, d5. வெள்ளை ராஜா 8-ம் வரிசையில். ஒரே அடியில் உள்ளே நுழைய அவர் 6-ம் வரிசையில் இருந்திருக்க வேண்டும். இரண்டு மூவ் தாமதம். நேராகத் துரத்திப் பாருங்கள்: h7, h6, h5 என்று ராஜா இறங்குவதற்குள் கறுப்புச் சிப்பாய் h2-க்கே போயிருக்கும். சொந்தச் சிப்பாயைக் காப்பாற்றப் போகலாம் என்றால் d7-க்கு நான்கு மூவ் வேண்டும். கறுப்பு ராஜா இரண்டே மூவில் c6-ஐ வெட்டிவிடுவார்.

அதாவது துரத்தினாலும் தோல்வி, காப்பாற்றப் போனாலும் தோல்வி. ரேட்டியின் பதில்: இரண்டையும் சேர்த்துச் செய்!

வெள்ளை ராஜா g7. பிறகு f6. பிறகு e5. குறுக்காக இறங்குகிறார். இங்கேதான் செஸ் பலகையின் விசித்திரம் வேலை செய்கிறது. காகிதத்தில் குறுக்குக் கோடு நேர்க்கோட்டைவிட நீளம். ஆனால் ராஜாவுக்கு மூலைவிட்டமாக ஓர் அடியும் நேராக ஓர் அடியும் ஒரே மூவ்தான். h8-லிருந்து 5-ம் வரிசைக்கு நேராக இறங்கினாலும் மூன்று மூவ், குறுக்காக e5-க்கு இறங்கினாலும் மூன்று மூவ். ஆகவே துரத்தலில் அவர் எதையும் இழக்கவில்லை. கூடவே, செலவே இல்லாமல் தன் சிப்பாயை நோக்கியும் நெருங்கிவிட்டார்.

கறுப்பு என்ன செய்யலாம்? முதல் மூவில் h4 ஆடுகிறார். வெள்ளை ராஜா f6. இப்போது கறுப்புக்கு இரண்டு வழி.

முதல் வழி, "எனக்கு என் சிப்பாய் போதும்" என்று ஓடுவது. h3. வெள்ளை ராஜா e7. சிப்பாய் h2. இப்போது வெள்ளை c7. கறுப்பு ராஜா b7 வந்து வெட்டப் பார்க்கிறார். வெள்ளை ராஜா d7 வந்து காவல் நிற்கிறார். கறுப்பு h1-ல் ராணி எடுக்கலாம், வெள்ளையும் அடுத்த மூவிலேயே c8-ல் ராணி எடுக்கும், அதுவும் செக்கோடு. ஆளுக்கு ஒரு ராணி. டிரா.

இரண்டாவது வழி, "முதலில் உன் சிப்பாயை வெட்டுகிறேன்" என்று ராஜாவைக் கொண்டுவருவது. ராஜா b6. இதற்குப் பதில்தான் புதிரின் உயிர்: வெள்ளை ராஜா e5. இங்கிருந்து அவருக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது. d6 போனால் தன் சிப்பாய்க்குக் காவல். f4 போனால் கறுப்புச் சிப்பாயின் சதுரத்துக்குள் நுழைவு. கறுப்பால் ஒன்றைத்தான் அடைக்க முடியும்.

கறுப்பு ராஜா c6 சிப்பாயை வெட்டினால், வெள்ளை ராஜா f4. h4-ல் நிற்கும் சிப்பாயின் சதுரம் e4, h4, h1, e1. உள்ளே வந்தாச்சு! சிப்பாய் h3, ராஜா g3. சிப்பாய் h2, ராஜா வெட்டுகிறார். பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும். டிரா. வெட்டாமல் கறுப்பு h3 ஆடினால், வெள்ளை ராஜா d6. சிப்பாய் h2, வெள்ளை c7, கறுப்பு ராஜா b7, வெள்ளை ராஜா d7. மறுபடியும் ஆளுக்கு ஒரு ராணி. டிரா.

அந்த இரண்டு மூவ் எங்கிருந்து வந்தது?

இதை மாயம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கணக்கு மிக எளிமையானது. வெள்ளை ராஜா சதுரத்துக்கு இரண்டு மூவ் தாமதமாக இருந்தார். c6 சிப்பாயை ஒழிக்க கறுப்பு ராஜா செலவழித்தது எத்தனை மூவ்? b6 ஒன்று, c6-ல் வெட்டியது ஒன்று. இரண்டு. அந்த இரண்டு முறையும் h சிப்பாய் அசையாமல் நின்றது. சிப்பாய் நின்றால் சதுரம் சுருங்காது. கடன் அங்கே அடைந்துவிட்டது.

சதுர விதி பொய்யாகிவிட்டதா என்றால், இல்லை. அந்த விதி ஒரு நிபந்தனையோடு வருகிறது: சிப்பாய் ஒவ்வொரு முறையும் நிற்காமல் ஓட வேண்டும். பலகையில் ஒரே ஒரு தடையற்ற சிப்பாய் இருக்கும்போது அது அப்படித்தான் ஓடும். இரண்டு பக்கமும் தடையற்ற சிப்பாய் இருந்தால், எதிராளி நடுவில் நின்று உங்கள் சிப்பாயைக் கவனித்தாக வேண்டிய கட்டாயம் வரலாம். அவர் அதற்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு மூவும் உங்கள் கணக்கில் வரவு.

இதற்கும் எல்லை உண்டு. ரேட்டியின் புதிரில் கறுப்புச் சிப்பாயை h5-க்குப் பதில் h4-ல் வைத்து, வெள்ளையின் முறை என்று ஆடிப் பாருங்கள். இப்போது தாமதம் மூன்று மூவ். ராஜா g7, சிப்பாய் h3. ராஜா f6, சிப்பாய் h2. ராஜா e7, சிப்பாய் h1-ல் ராணி. வெள்ளை c7 ஆடினாலும் கறுப்பு ராஜா b7 வந்துவிடுவார். வெள்ளை ராஜா d7 வந்து காவல் நின்றால், d5-ல் கறுப்பு ராணி செக் கொடுத்து அவரை விரட்டும். சிப்பாய் வெட்டுப்படும். c6 சிப்பாயால் வாங்கித்தர முடிந்தது இரண்டு மூவ் அவகாசம்தான். மூன்றாவதற்கு அதனிடம் சரக்கு இல்லை.

அடுத்த முறை இப்படி ஒரு நிலை வந்தால் 'ராஜா சதுரத்துக்கு வெளியே இருக்கிறார், முடிஞ்சுது' என்று ரிசைன் பட்டனைத் தொடும் முன் இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். என் ராஜா எத்தனை மூவ் தாமதம்? என் சிப்பாயைத் தீர்த்துக்கட்ட எதிராளிக்கு எத்தனை மூவ் செலவாகும்? இரண்டாவது எண் முதலாவதைவிடக் குறையாமல் இருந்து, இரண்டு சிப்பாய்களுக்கும் நடுவே குறுக்காக இறங்க உங்கள் ராஜாவுக்கு வழியும் இருந்தால், ஆட்டம் இன்னும் முடியவில்லை.